தோழி வழியாகப் போன ரெஸ்யூமே: பாடாங் செராயில் ஒரு நிகழ்வு ஆய்வு

கெடா மாநிலம் பாடாங் செராயில் வசிக்கும் ஒரு பெண், கூலிம் ஹைடெக் பார்க்கில் வேலை செய்யும் பள்ளித் தோழி வழியாக ஒரு தொழிற்சாலை வேலைக்கு இரண்டு முறை ரெஸ்யூமே அனுப்பினார். முதல் முறை அனுப்பியதற்குப் பதிலே வரவில்லை. இரண்டாம் முறை நேர்முகத் தேர்வு வரை போய், சில மாதங்கள் கழித்து வேலையும் கிடைத்தது. அனுப்பியவர், வேலைக்கு முயன்றவர், நிறுவனம் எல்லாம் இரண்டு முறையும் ஒன்றுதான். ரெஸ்யூமேயோடு போன நாலு வரியும், அது போய்ச் சேர்ந்த இடமும்தான் வேறு. இருவரின் சம்மதத்தோடு இது பதிவாகிறது. பெயர்களும் நிறுவனத்தின் அடையாளமும் தவிர்க்கப்பட்டுள்ளன.

பின்னணி

விண்ணப்பித்தவருக்கு வயது 27. எஸ்.பி.எம். முடித்து, கணக்கியலில் டிப்ளோமா பெற்றவர். 2021 தொடக்கத்திலிருந்து ஊருக்கு வெளியே இருக்கும் ஒரு செம்பனை ஆலையில் ஸ்டோர் கிராணியாக வேலை பார்த்தார். பேரிங், பம்ப் சீல், கன்வேயர் சங்கிலி என்று ஆலையை ஓட வைக்கும் உதிரிபாகங்களின் வரவு செலவுக் கணக்கு முழுவதும் அவர் பொறுப்பு. சம்பளம் 2,100 வெள்ளி. மேலே போக அங்கே இடமில்லை என்பதுதான் அவர் வெளியே தேடியதற்குக் காரணம்.

தோழி அதே தமிழ்ப்பள்ளியில் படித்தவர். ஹைடெக் பார்க்கில் உள்ள ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் மூன்று ஆண்டுகளாக டெக்னீஷியன். உற்பத்திப் பிரிவில் இருப்பதால் கிடங்குப் பிரிவோடு அவருக்கு அன்றாடத் தொடர்பு கிடையாது. எச்.ஆர். பிரிவில் அவருக்குத் தெரிந்தவர் ஒரே ஒரு அதிகாரி. லீவு, ஓவர்டைம் கணக்கில் பிசகு வந்தால் இவர் போய்க் கேட்பது அந்த அதிகாரியிடம்தான்.

2025 பிப்ரவரியில் அந்தத் தொழிற்சாலை கிடங்கு உதவியாளர் வேலைக்கு ஆள் கேட்டது. வேலை எண்ணோடு நிறுவனத்தின் இணையத்தளத்தில் அறிவிப்பு வந்தது. தோழி அதைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். "இது உனக்குத்தான்டி, ரெஸ்யூமே அனுப்பு, நான் குடுக்குறேன்."

முதல் முறை நடந்தது

அன்று இரவே விண்ணப்பித்தவர் தோழியின் மின்னஞ்சலுக்கு எல்லாவற்றையும் அனுப்பினார். அச்சிட்ட ரெஸ்யூமேயை ஃபோனில் படம் எடுத்து பி.டி.எஃப். ஆக்கிய கோப்பு, மைகாட் நகல், எஸ்.பி.எம். சான்றிதழ், டிப்ளோமா சான்றிதழ் எல்லாம் சேர்ந்து 9 எம்.பி.க்கு மேல் வந்தது. அதோடு தோழியிடம் பேசுவது போலவே சில வரிகளும் எழுதினார். இப்போது வாங்கும் சம்பளம், 2,600-க்குக் குறைந்தால் வர யோசனை, ஆலை மேனேஜர் மேல் உள்ள கோபம், "எப்படியாவது பேசி உள்ள எடுத்துவிடு" என்ற வேண்டுகோள் எல்லாம் அதில் இருந்தன.

மறுநாள் ஷிப்டு இடைவேளையில் தோழி அந்த மின்னஞ்சலைத் திறந்து 'ஃபார்வர்ட்' பொத்தானை அழுத்தினார். "என் தோழி, கிடங்கு வேலைக்கு, பாருங்கள்" என்று மேலே ஒரு வரி சேர்த்து, தனக்குத் தெரிந்த அந்த எச்.ஆர். அதிகாரிக்கு அனுப்பினார். ஃபார்வர்ட் செய்யும்போது கீழே இருக்கும் பழைய செய்தியும் முழுதாகக் கூடவே போகும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. பத்து நிமிட இடைவேளையில் அதை உருட்டிப் பார்க்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

மூன்று வாரம் ஓடியது. விண்ணப்பித்தவர் இரண்டு நாளுக்கு ஒரு முறை "ஏதாச்சும் சொன்னாங்களா?" என்று கேட்க, தோழிக்குச் சொல்லப் பதில் இல்லை. கடைசியில் தோழி நேரில் போய்க் கேட்டபோது அதிகாரி கனிவாகவே விளக்கினார். அவர் பார்ப்பது சம்பளப் பிரிவு. ஆள் எடுக்கும் வேலை அதே அறையில் இருக்கும் வேறு இருவருடையது. அவர்களுக்கு அனுப்பலாம் என்று திறந்தவர், கீழே இருந்த வரிகளைப் படித்துவிட்டு, இதை அப்படியே அனுப்பினால் அந்தப் பெண்ணுக்குத்தான் கெடுதல் என்று நிறுத்தி வைத்துவிட்டார்.

கவனித்தவை

பதில் வராததற்குத் தகுதிக் குறைவு காரணமே இல்லை. ரெஸ்யூமே ஆள் எடுப்பவர் கண்ணில் படவே இல்லை. வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு இது புலப்படுவதில்லை. நிராகரித்தாலும் மௌனம்தான், போய்ச் சேராவிட்டாலும் மௌனம்தான். இந்த இரண்டையும் பிரித்தறிய உதவும் எளிய வழி ஒன்று உண்டு: ஆள் எடுக்கும் பிரிவிலிருந்து, அது தானியங்கியாக வந்ததாக இருந்தாலும், "பெற்றுக்கொண்டோம்" என்ற ஒப்புகை வந்திருக்கிறதா என்று பார்ப்பது. இங்கே வரவில்லை.

ரெஸ்யூமே உரியவரிடம் போயிருந்தாலும் சிக்கல் இருந்திருக்கும். படமாக எடுத்த பி.டி.எஃப்.-இல் எழுத்து இருப்பதில்லை, எழுத்தின் படம்தான் இருக்கிறது. நிறுவனத்தின் விண்ணப்ப மென்பொருள் பெயர், ஃபோன் எண், வேலை அனுபவம் ஆகியவற்றைத் தானாக எடுத்து நிரப்பும்போது இத்தகைய கோப்புகளில் பெரும்பாலும் தடுமாறும். சோதிப்பது எளிது. ஃபோனில் கோப்பைத் திறந்து ஒரு சொல்லின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் அந்தச் சொல் மட்டும் நீலமாகத் தேர்வாக வேண்டும். தேர்வாகவில்லை என்றால் அது பெரும்பாலும் படக் கோப்பு.

ரெஸ்யூமேயின் உள்ளடக்கத்திலும் ஒரு பிழை இருந்தது. "உடனே வேலையில் சேர முடியும்" என்று அதில் எழுதியிருந்தார். அவருடைய வேலை நியமனக் கடிதத்தில் நோட்டீஸ் காலம் குறிப்பிடப்படவில்லை. அப்படி எழுத்தில் இல்லாதபோது 1955-ஆம் ஆண்டின் வேலை வாய்ப்புச் சட்டப்படி, இரண்டு ஆண்டுக்குக் குறைவான சேவைக்கு நான்கு வாரம், இரண்டிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் ஆறு வாரம், ஐந்தும் அதற்கு மேலும் என்றால் எட்டு வாரம். நான்கு ஆண்டு சேவை உள்ள இவருக்கு ஆறு வாரம். நோட்டீஸ் தராமல் போனால் அந்த நாட்களுக்கான சம்பளத்தை முதலாளிக்கு ஈடாகக் கட்ட வேண்டும். ஆகவே 'உடனே' என்பது நடக்காத பேச்சு. நேர்முகத் தேர்வில் கேட்டிருந்தால் அங்கேயே உடைந்திருக்கும்.

இன்னொன்றும் தெரிய வந்தது. 2024 நவம்பரில் இவர் அதே நிறுவனத்துக்கு இணையத்தளம் வழியாக ஆபரேட்டர் வேலைக்கு விண்ணப்பித்து, அதை மறந்தே போயிருந்தார். மென்பொருளில் அவர் பெயர் ஆபரேட்டர் விண்ணப்பதாரராக ஏற்கெனவே பதிவாகியிருந்தது.

எடுத்த முடிவுகள்

கிடங்கு உதவியாளர் வேலை இன்னும் நிரப்பப்படவில்லை என்று மார்ச் நடுவில் தோழி விசாரித்துச் சொன்னார். அவசரப்படாமல் மறுபடி முயல்வது என்று இருவரும் முடிவு செய்தார்கள். அந்த ஆண்டு நோன்புப் பெருநாள் மார்ச் 31. பெருநாளுக்கு முந்திய வாரமும் பிந்திய வாரமும் எச்.ஆர். பிரிவில் பாதிப் பேர் லீவில் இருப்பார்கள், அப்போது போகும் மின்னஞ்சல் அடியில் புதைந்துவிடும். ஆகவே ஏப்ரல் இரண்டாம் வாரம் அனுப்புவது என்று வைத்துக்கொண்டார்கள்.

முதல் வேலையாக, தோழியிடம் கேட்பதையும் நிறுவனத்துக்கு எழுதுவதையும் தனித்தனியாகப் பிரித்தார்கள். தோழிக்கு வாட்ஸ்அப்பில் போனது இது:

> "உன் பேரைப் போட்டு அனுப்புறது உனக்குச் சரியாடி? சங்கடமா இருந்தா சொல்லிடு, நான் நேரா வெப்சைட்லயே போட்டுக்குறேன், தப்பா எடுத்துக்க மாட்டேன். சரின்னா, தெரிஞ்சவங்களைச் சிபாரிசு பண்ண உங்க கம்பெனில தனி ஃபாரம் இருக்கான்னு மட்டும் கேட்டுச் சொல்லு."

மறுப்பதற்கு வழி விட்டுக் கேட்டது மரியாதைக்காக மட்டுமல்ல. சிபாரிசு செய்பவர் தன் பெயரை அடகு வைக்கிறார். மனமில்லாமல் அனுப்புகிறவர் ஒரு வரியில் முடித்துவிடுவார், அந்த ஒரு வரியை எச்.ஆர். சரியாகவே புரிந்துகொள்ளும்.

ஃபாரம் இருந்தது. நிறுவனத்தின் உள் தளத்தில், ஊழியர் எண், வேலை எண், வேட்பாளரோடு என்ன உறவு, எத்தனை ஆண்டுப் பழக்கம் என்று நிரப்பி, ரெஸ்யூமேயையும் ஒரு குறிப்பையும் இணைத்து அனுப்ப வேண்டும். அது நேரே ஆள் எடுக்கும் பிரிவுக்குப் போகும். தோழிக்கு மூன்று ஆண்டுகளாக அது இருப்பதே தெரியாது. உற்பத்தித் தளத்தில் வேலை செய்பவர்களுக்கு உள் தளத்தைத் திறக்கும் தேவை அதிகம் வருவதில்லை என்பதால் இது வியப்பல்ல.

ரெஸ்யூமேயைக் கணினியில் புதிதாகத் தட்டச்சு செய்து, இரண்டு பக்கத்தில் அடக்கி, நேரடியாக பி.டி.எஃப். ஆகச் சேமித்தார்கள். கோப்பின் பெயரில் விண்ணப்பித்தவரின் பெயரும் வேலையின் பெயரும் வரும்படி `Peyar_WarehouseAssistant_Resume.pdf` என்ற வடிவில் வைத்தார்கள். பதிவிறக்கக் கோப்புறையில் முப்பது பேருடைய `resume.pdf` கிடக்கும் இடத்தில் தேடுகிறவருக்கு அது உதவி. மைகாட் நகலும் சான்றிதழ்களும் நீக்கப்பட்டன. மைகாட் எண்ணின் முதல் ஆறு இலக்கங்களே பிறந்த தேதியைச் சொல்லிவிடும். வேலை உறுதியான பிறகு இ.பி.எஃப்., சொக்சோ பதிவுக்குத்தான் அந்த எண் தேவைப்படும். விண்ணப்பக் கட்டத்தில் அது பல கைகளில் அலைய வேண்டியதில்லை.

குறிப்பு

அதிக நேரம் எடுத்தது குறிப்புதான். ஆங்கிலத்தில் எழுதப்பட்ட அதன் தமிழ் வடிவம் இது:

> வணக்கம் புவான்,
>
> கிடங்கு உதவியாளர் வேலைக்கு (வேலை எண் மேலே உள்ளது) விண்ணப்பிக்கிறேன். உங்கள் உற்பத்திப் பிரிவில் டெக்னீஷியனாக இருக்கும் என் பள்ளித் தோழி வழியாக இது வருகிறது.
>
> பாடாங் செராய் அருகே ஒரு செம்பனை ஆலையின் ஸ்டோரில் நான்கு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். ஏறக்குறைய 1,400 வகை உதிரிபாகங்களின் வரவையும் வெளியேற்றத்தையும் எக்செல்லில் பதிகிறேன். மாதம் ஒரு பகுதியாக எண்ணிக் கணக்கோடு ஒப்பிடுகிறேன். 2024 ஆண்டிறுதி எண்ணிக்கையில் 11 வகைகளில் வேறுபாடு இருந்தது. 9 வகைகளுக்குக் காரணம் கண்டுபிடித்துத் திருத்தினேன்.
>
> எஸ்.ஏ.பி. மென்பொருளைப் பயன்படுத்தியதில்லை. ஷிப்டு வேலைக்குத் தயார், சொந்த மோட்டார் சைக்கிள் உண்டு. என் நோட்டீஸ் காலம் ஆறு வாரம்.
>
> 2024 நவம்பரில் ஆபரேட்டர் வேலைக்கு இதே மின்னஞ்சல் முகவரியில் உங்கள் தளம் வழி விண்ணப்பித்துள்ளேன்.
>
> இந்த வேலைக்கும், இதையொத்த வேறு வேலைகளுக்கும் என் விவரங்களை ஓராண்டு வரை வைத்திருக்கச் சம்மதிக்கிறேன். பகல் 1 முதல் 2 வரை, மாலை 5-க்குப் பிறகு என்னை ஃபோனில் அழைக்கலாம்.
>
> (பெயர், ஃபோன் எண்)

விண்ணப்பித்தவரின் குரலிலேயே இது எழுதப்பட்டதற்குக் காரணம் உண்டு. தோழி சொல்வது போல எழுதித் தந்து, அதை அவர் வெட்டி ஒட்டினால் போதும் என்ற யோசனை முதலில் வந்தது. பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் "இவர் கடின உழைப்பாளி, திறமைசாலி" என்று தன்னைப் பற்றித் தானே எழுதி இன்னொருவர் வாயில் வைக்கும் வரிகள் எல்லாச் சிபாரிசுகளிலும் ஒரே மாதிரி இருக்கும். எச்.ஆர். தோழியைக் கூப்பிட்டு "எப்படித் திறமைசாலி?" என்று கேட்டால் அவரிடம் பதில் இருக்காது, ஏனென்றால் அவர் அந்த ஆலைக்குள் போனதே இல்லை. தன்னைப் பற்றிய தகவலை விண்ணப்பித்தவர் சொல்வதும், தனக்குத் தெரிந்ததை மட்டும் தோழி சொல்வதும்தான் நிற்கும்.

அறிவிப்பு கேட்டவை மூன்று: இருப்புக் கணக்கு அனுபவம், எக்செல், ஷிப்டு. குறிப்பில் அந்த மூன்றுக்கும் நேரான பதில் இருக்கிறது. ஆலையைப் பற்றி ஒன்றுமே தெரியாத ஒருவருக்கும் 1,400 வகை என்றால் வேலையின் அளவு புரியும். 11 வேறுபாடு என்ற எண்ணைப் போடலாமா என்று விண்ணப்பித்தவர் தயங்கினார், குறையைத் தானே காட்டிக்கொடுப்பதாகத் தோன்றியது. ஸ்டோர் வேலை தெரிந்தவர்கள் இதை வேறு மாதிரி படிப்பார்கள். வேறுபாடே வராத கிடங்கு என்று ஒருவர் எழுதினால், எண்ணிப் பார்க்காதவர் என்றுதான் நினைப்பார்கள். வந்த வேறுபாட்டைத் தேடிப் பிடித்தவர் என்பதே அந்த வேலைக்கு வேண்டிய தகுதி. அந்த எண் குறிப்பில் இருந்தது சரியான முடிவு.

எஸ்.ஏ.பி. பற்றிய வரியும் அப்படித்தான். அறிவிப்பில் அது 'இருந்தால் நல்லது' பட்டியலில் இருந்தது. மறைத்தால் நேர்முகத் தேர்வின் ஐந்தாவது நிமிடத்தில் வெளியாகும், அதற்குள் ஒரு மேலாளர் அரை மணி நேரத்தை ஒதுக்கியிருப்பார். முன்பே சொன்னால், அது தேவையே என்று நினைப்பவர் அழைக்கமாட்டார், கற்றுக்கொடுக்கலாம் என்று நினைப்பவர் அழைப்பார். இருவருக்கும் நேரம் மிச்சம்.

நவம்பர் விண்ணப்பத்தைக் குறிப்பிட்டது தோழிக்கு நட்டம் தரக்கூடியது என்பது தெரிந்தே எழுதப்பட்டது. சிபாரிசு செய்த ஊழியருக்கு, சேர்ந்தவர் தகுதிகாண் காலத்தை முடித்த பிறகு ஊக்கத்தொகை தருவது அந்த நிறுவனத்தின் வழக்கம். ஆனால் கடந்த ஆறு மாதத்துக்குள் ஒருவர் தானாக விண்ணப்பித்திருந்தால் அவரைச் சிபாரிசில் வந்தவராகக் கணக்கெடுப்பதில்லை. பல நிறுவனங்களில் இப்படி ஒரு விதி உண்டு, மாதக் கணக்குதான் மாறும். சொல்லாமல் விட்டாலும் மின்னஞ்சல் முகவரியை வைத்து மென்பொருள் காட்டிக்கொடுத்துவிடும். அப்போது இருவர் மேலும் சந்தேகம் விழும். தோழி இதைக் கேட்டதும் தொகை போனால் போகட்டும் என்று சொல்லிவிட்டார்.

சம்மத வரி ஒரு சின்னச் சேர்க்கையாகத்தான் எழுதப்பட்டது. 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, எந்த நோக்கத்துக்காகத் தரவு பெறப்பட்டதோ அது முடிந்த பிறகு அதைத் தேவையின்றி வைத்திருக்கக் கூடாது. ஒரு வேலை நிரம்பியதும் மற்ற விண்ணப்பங்களை ஒதுக்கிவிடுவது எச்.ஆர். பிரிவுக்குப் பாதுகாப்பான வழி. வைத்திருக்கலாம் என்று விண்ணப்பித்தவரே எழுதித் தந்தால் அவர்களுக்குக் கை தாராளமாகிறது. பின்னால் நடந்ததைப் பார்க்கும்போது, மொத்தக் குறிப்பிலும் அதிகம் வேலை செய்தது இந்த வரிதான்.

எழுதாமல் விட்டவை: எதிர்பார்க்கும் சம்பளம், ஆலையை விட்டுப் போகும் காரணம், வீட்டுச் சூழல், "தயவுகூர்ந்து" வகை வேண்டுகோள்கள். சம்பளத்தை அவர்கள் கேட்கும்போது சொன்னால் போதும். மற்றவை எதுவும் ஆள் எடுப்பவர் முடிவெடுக்க உதவாது.

தோழி தன் பங்குக்கு எழுதியது

ஃபாரத்தில் 'உங்கள் கருத்து' என்ற கட்டத்தில் தோழி சொந்தமாக எழுதியதன் சாரம் இது: ஆரம்பப்பள்ளியிலிருந்து பழக்கம். சேர்ந்து வேலை செய்ததில்லை, ஆகவே வேலைத் திறனைப் பற்றி நேரில் பார்த்துச் சொல்ல முடியாது. கோயில் திருவிழாக் கணக்கை இரண்டு ஆண்டு இருவரும் சேர்ந்து எழுதினோம், ஒவ்வொரு ரசீதையும் ஒட்டி வைத்துத்தான் கணக்கை முடிப்பார்.

"சேர்ந்து வேலை செய்ததில்லை" என்ற வரியை எடுத்துவிடலாம் என்று விண்ணப்பித்தவர் சொன்னார். தோழி மறுத்தார். உறவு என்ன என்ற கேள்விக்கு 'தோழி' என்று ஏற்கெனவே நிரப்பியாயிற்று, மூடி மறைக்க ஒன்றும் இல்லை. வரம்பைச் சொன்ன பிறகு வரும் ரசீது விவரத்துக்கு எடை கூடுகிறது. அவர் பிடிவாதம் நியாயமானது.

அனுப்பிய பிறகு

ஃபாரம் போன அன்றே விண்ணப்பித்தவரின் மின்னஞ்சலுக்கு நிறுவனத்திலிருந்து தானியங்கி ஒப்புகை வந்தது. முதல் முறை இல்லாதது இது. பத்து வேலை நாள் வரை தோழியிடம் எதுவும் கேட்பதில்லை, அதன் பிறகும் பதில் இல்லை என்றால் ஒப்புகை வந்த முகவரிக்கு விண்ணப்பித்தவரே மூன்று வரியில் எழுதுவது என்று முன்கூட்டியே பேசி வைத்திருந்தார்கள். தோழி தூதர் வேலையிலிருந்து விடுபட்டதும் இருவருக்கும் இடையே பிப்ரவரியில் வந்திருந்த உரசலும் தணிந்தது.

எழுதத் தேவைப்படவில்லை. ஆறாவது வேலை நாள் மதியம் ஒன்றரைக்கு, குறிப்பில் சொன்ன நேரத்துக்குள், ஆள் எடுக்கும் அதிகாரி அழைத்தார். கேட்டது மூன்றே கேள்வி: நோட்டீஸ் ஆறு வாரத்தைக் குறைக்க முடியுமா, இரவு ஷிப்டு ஒத்துவருமா, சம்பள எதிர்பார்ப்பு என்ன. மூன்றாவது கேள்விக்கு 2,400 முதல் 2,600 என்று விண்ணப்பித்தவர் பதில் சொன்னார்.

ஏப்ரல் கடைசி வாரம் நேர்முகத் தேர்வு. கிடங்கு மேலாளர் குறிப்பின் அச்சுப்படியைக் கையில் வைத்திருந்தார். முதல் கேள்வியே திருத்த முடியாமல் போன அந்த இரண்டு வகைகளைப் பற்றி. ஒன்று, பழுது நேரத்தில் இரவில் எடுத்துப் பதியாமல் விட்ட சீல் என்று சந்தேகம், நிரூபிக்க முடியவில்லை. மற்றொன்று, ஒரே அளவுள்ள இரு பேரிங் தனித்தனி எண்ணில் பதிவாகிக் கலந்துபோனதாக இருக்கலாம் என்று அவர் விளக்கினார். பிறகு எக்செல்லில் ஒரு சிறு சோதனை.

விளைவு

அந்த வேலை அவருக்குக் கிடைக்கவில்லை. எஸ்.ஏ.பி. அனுபவம் உள்ள இன்னொருவரை எடுத்துக்கொண்டதாக மே மாதம் மின்னஞ்சல் வந்தது. அதற்கு அவர் இரண்டு வரியில் நன்றி சொல்லி, வேறு வாய்ப்பு வந்தால் தன் விவரங்களைப் பயன்படுத்தலாம் என்று மீண்டும் குறிப்பிட்டார்.

ஜூலை முதல் வாரம் அதே அதிகாரி அழைத்தார். சரக்கு வரவுப் பிரிவில் இரண்டாம் ஷிப்டுக்கு ஓர் இடம் திறந்திருந்தது, அது அறிவிப்பாக வெளியாகவில்லை. சம்மதம் பதிவில் இருந்ததால் ஏப்ரல் நேர்முகத் தேர்வின் குறிப்புகளையே வைத்து, கிடங்கு மேலாளரோடு ஒரு குறுகிய சந்திப்போடு முடித்துக்கொண்டார்கள். சம்பளம் 2,450 வெள்ளி, ஷிப்டு அலவன்ஸ் தனி. ஆறு வார நோட்டீஸ் முன்பே தெரிந்திருந்ததால் அதில் பேரம் எழவில்லை. ஆலையில் நோட்டீஸை முழுதாக முடித்து, ஸ்டோர் கணக்கை ஒப்படைத்துவிட்டு, செப்டம்பர் முதல் வாரம் சேர்ந்தார். தோழிக்கு ஊக்கத்தொகை கிடைக்கவில்லை. நவம்பர் விண்ணப்பத்தின் காரணமாக ஏப்ரலில் பதிவான சிபாரிசு கணக்கில் சேராது என்று அப்போதே அவருக்குச் சொல்லிவிட்டார்கள்.

எல்லாவற்றுக்கும் குறிப்பே காரணம் என்று சொல்ல முடியாது. ஜூலையில் இடம் திறந்தது தற்செயல். ஏப்ரலில் மேலாளர் முன் அவர் உட்கார்ந்ததற்கும், ஜூலையில் அவரை நினைவுகூர வழி இருந்ததற்கும் குறிப்பின் பங்கு தெளிவாகத் தெரிகிறது.

மறுபடி செய்தால் மாற்ற வேண்டியவை

எஸ்.ஏ.பி. பயன்படுத்தியதில்லை என்ற வரியோடு நிறுத்தியிருக்கக் கூடாது. பிப்ரவரிக்கும் ஏப்ரலுக்கும் இடையில் இரண்டு மாதம் இருந்தது. அதன் சரக்கு வரவு, வெளியேற்றப் பதிவுகள் எப்படி இருக்கும் என்று இலவசக் காணொளிகளில் பார்த்திருந்தால், "அடிப்படைப் பதிவுகளைப் பார்த்துப் பழகிவருகிறேன்" என்று உண்மையாகவே சேர்த்திருக்கலாம். அந்த வேலை அதனால் கிடைத்திருக்கும் என்று சொல்வதற்கில்லை, ஆனால் மேலாளர் அதைப் பற்றி இருமுறை கேட்டார்.

பழைய விண்ணப்பங்களை முதலிலேயே தேடிப் பார்த்திருக்க வேண்டும். மின்னஞ்சல் பெட்டியில் நிறுவனத்தின் பெயரைப் போட்டுத் தேட ஒரு நிமிடம் போதும். நவம்பர் விண்ணப்பம் பிப்ரவரியிலேயே தெரிந்திருந்தால், ஆபரேட்டர் பதிவு பற்றி எச்.ஆர். பிரிவிடம் அப்போதே விளக்கியிருக்கலாம், ஊக்கத்தொகை விதியையும் தோழி முன்னதாகவே அறிந்திருப்பார். ஆறு மாதம் முடியும் வரை காத்திருந்து அனுப்பியிருக்கலாமே என்று சிலர் கேட்டார்கள். மே நடுவரை காத்திருந்தால் ஏப்ரல் நேர்முகத் தேர்வே நடந்திருக்காது. வேலை தேடுகிறவர் நிலையிலிருந்து பார்த்தால் காத்திராதது சரி, ஆனால் அந்த முடிவு தோழியுடையதாக இருக்க வேண்டும், இங்கே அப்படித்தான் இருந்தது.

பிப்ரவரியில் போன அந்தப் பழைய மின்னஞ்சல் இன்னும் சம்பளப் பிரிவு அதிகாரியின் பெட்டியில் இருந்தது. நீக்கிவிடும்படி மார்ச்சிலேயே தோழி அவரிடம் கேட்டிருக்க வேண்டும். மைகாட் நகல் உட்பட எல்லாம் அதில் இருந்தது. வேலையில் சேர்ந்த பிறகுதான் விண்ணப்பித்தவர் நேரில் போய்க் கேட்டார், அதிகாரி அவர் முன்னாலேயே அழித்துக் காட்டினார்.